டெங்கு அட்மிஷன் ‘பரிசோதனைக்காக மட்டும்’ என்று கிளைம் மறுக்கப்பட்டால்: கேஸ் ஷீட்டையும் பாலிசி விதியையும் வைத்து மேல்முறையீடு செய்யும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மதுரை, திருமங்கலம், மேலூர் பக்கத்தில் டெங்கு அட்மிஷன்கள் கூடும்போது, ஒரே மாதிரியான மறுப்புக் கடிதம் பல வீடுகளுக்கு வருகிறது. “நோயாளிக்கு அட்மிஷன் நேரத்தில் காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் சீராக இருந்தன, சிகிச்சையை வெளிநோயாளியாகவே பெற்றிருக்கலாம், எனவே விதி Excl04-இன்படி கிளைம் நிராகரிக்கப்படுகிறது.” இந்த ஒரு வகை மறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எப்படி எதிர்ப்பது என்பதை இங்கே பார்ப்போம். ஆஸ்பத்திரியின் பதிவேடும் பாலிசியின் வாசகமும் சேர்ந்தே தீர்ப்பைத் தீர்மானிக்கும் வகை இது. ஒழுங்காகச் செய்தால் வெல்ல வாய்ப்பு அதிகம். ஆனால் கோபமாக நாலு மின்னஞ்சல் அனுப்பினால் ஒன்றும் நடக்காது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது “கேஷ்லெஸ் கிடைக்கவில்லை” என்று சொன்னால் அது கிளைம் நிராகரிப்பு ஆகாது. கையிலிருந்து பணம் கட்டிவிட்டு, பில்களை வைத்து ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டு, அதற்கும் எழுத்தில் மறுப்பு வந்த பிறகுதான் மேல்முறையீடு. இன்னொன்று, இங்கே சொல்வது நீங்கள் பிரீமியம் கட்டி எடுத்த பாலிசிகளுக்கும் அலுவலகம் எடுத்துத் தந்த குழு பாலிசிகளுக்கும் பொருந்தும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான குறைதீர்ப்பு வழி வேறு.

விளக்கத்துக்காக ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். திருமங்கலத்தைச் சேர்ந்த 34 வயதுப் பெண், எடை 58 கிலோ. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. புதன்கிழமை ஊரிலுள்ள லேபில் டெங்குவை உறுதிசெய்யும் என்.எஸ்.1 பரிசோதனை பாசிட்டிவ், பிளேட்லெட் 1,42,000, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட் 36.2 சதவீதம். வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டது. ஆனால் தொடர்ந்து வாந்தி, மேல்வயிற்றில் வலி. பகல் 11.40-க்கு மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்மிஷன். ஞாயிறு காலை 10.30-க்கு டிஸ்சார்ஜ். பில் 48,600 ரூபாய். கிளைம் மறுக்கப்பட்டது.

கடிதத்தை இரண்டாகப் பிரிப்பது

மறுப்புக் கடிதத்தில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, அவர்கள் பிடித்துக்கொண்ட விதி. மற்றது, அந்த விதி பொருந்தும் என்று காட்ட அவர்கள் சொல்லும் மருத்துவத் தகவல். இரண்டையும் ஒரு வெள்ளைத்தாளில் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் விதி: Excl04. தகவல்கள் மூன்று: காய்ச்சல் இல்லை, அளவீடுகள் சீராக இருந்தன, வெளிநோயாளியாகப் பார்த்திருக்கலாம்.

கடிதத்தில் விதி எண்ணே இல்லாமல் “பாலிசி நிபந்தனைகளின்படி ஏற்க இயலாது” என்று மட்டும் இருந்தால், மேல்முறையீட்டை உடனே எழுதாதீர்கள். முதலில் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பி, எந்த விதி, எந்தப் பக்கம் என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 அன்று வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலரின்படி, கிளைமை முழுதாகவோ பகுதியாகவோ மறுத்தால் பாலிசியின் குறிப்பிட்ட நிபந்தனையைச் சுட்டிக் காட்டித்தான் மறுக்க வேண்டும். நிறுவனத்தின் கிளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளைமையும் நிராகரிக்கக் கூடாது என்றும் அதே சர்க்குலர் சொல்கிறது. அந்த ஒப்புதல் பெறப்பட்டதா, எந்தத் தேதியில் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

காரணத்தை எழுத்தில் வாங்குவதால் வேறொரு நன்மையும் உண்டு. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைப் பின்னால் வழக்கின்போது நிறுவனம் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. காரணம் தாளில் ஏறியதும் அவர்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

நிறுவனத்துக்காகக் கிளைம்களைக் கையாளும் இடைநிலை அமைப்பான டி.பி.ஏ. அலுவலகத்தில் இருப்பவர்களிடம் போனில் வாதாடிப் பயனில்லை. அவர்கள் காகிதங்களைப் பரிசீலித்துக் கொடுப்பவர்கள்தான். முடிவு காப்பீட்டு நிறுவனத்துடையது. உங்கள் கடிதம் நிறுவனத்துக்கே போக வேண்டும்.

பாலிசியின் முழு வாசகம்

பலரிடம் இருப்பது பெயர், தொகை, பிரீமியம் உள்ள இரண்டு பக்க அட்டவணை மட்டும். மேல்முறையீட்டுக்கு அது போதாது. அந்த அட்டவணையிலேயே UIN என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணுள்ள பாலிசி வாசகத்தை இறக்கிக்கொள்ளுங்கள். பாலிசியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வாசகம் அவ்வப்போது மாறும். அட்மிஷன் தேதியில் நடப்பில் இருந்த பதிப்புதான் செல்லும். குழு பாலிசி என்றால் உங்கள் அலுவலகத்தின் எச்.ஆர். பிரிவிடம்தான் கேட்க வேண்டும். அதில் சில விலக்குகள் தளர்த்தப்பட்டிருக்கவும் கூடும்.

Excl04 எல்லா நிறுவனங்களின் பாலிசியிலும் ஏறக்குறைய ஒரே வாசகமாக இருக்கும். காரணம், விலக்குகளின் வாசகத்தை ஆணையமே தரப்படுத்திவிட்டது. அதன் பொருள் இது. முதல் பகுதி: முதன்மையாக நோயறியும் பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே நடந்த அட்மிஷனின் செலவு கிடைக்காது. இரண்டாம் பகுதி: தற்போதைய நோய்க்கும் சிகிச்சைக்கும் தொடர்பில்லாத பரிசோதனைச் செலவு கிடைக்காது.

முதல் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ‘முதன்மையாக’, ‘மட்டுமே’ என்று இரண்டு நிபந்தனைகள் அதற்குள் இருக்கின்றன. பரிசோதனை செய்தார்கள் என்பதால் மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. சிகிச்சையும் நடந்திருந்தால் அது தளர்ந்துவிடும். அதைவிட முக்கியம், “வெளிநோயாளியாகப் பார்த்திருக்கலாம்” என்ற வாதம் Excl04-இல் எங்குமே இல்லை. அது பாலிசியின் வரையறைப் பகுதியில் ‘மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சை’ என்ற தலைப்பின்கீழ் வரும் வேறொரு விஷயம். அந்த வரையறை நான்கு நிபந்தனைகளை வைக்கிறது: நோயைச் சமாளிக்கத் தேவையானதாக இருக்க வேண்டும்; தேவைக்கு மேற்பட்ட அளவிலோ காலத்திலோ தீவிரத்திலோ இருக்கக் கூடாது; மருத்துவர் எழுதியதாக இருக்க வேண்டும்; மருத்துவ உலகம் பரவலாக ஏற்ற நெறிமுறைக்கு ஒத்திருக்க வேண்டும்.

ஆக, கடிதம் இரண்டு விதிகளை ஒன்றாகக் கலந்து பேசுகிறது. உங்கள் பதிலில் அவற்றைப் பிரித்து, Excl04-க்கு ஒரு பதில், மருத்துவத் தேவைக்கு ஒரு பதில் என்று எழுத வேண்டும். இதைச் செய்யாமல் “என் மனைவிக்கு டெங்கு, உயிருக்கு ஆபத்தாக இருந்தது” என்று பொதுவாக எழுதுவதுதான் பெரும்பாலான மேல்முறையீடுகள் விழும் இடம்.

கேஸ் ஷீட் வாங்குவது

டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்து இந்த மறுப்பை முறியடிக்க முடியாது. உண்மையில் மறுப்புக்குக் காரணமே அந்த சம்மரியாகத்தான் இருக்கும். நம் உதாரணத்தில் அதில் மூன்று வரிகள்: காய்ச்சலை மதிப்பிட அட்மிஷன், பரிசோதனையில் காய்ச்சல் இல்லை, அளவீடுகள் சீர், ஆதரவு சிகிச்சை தரப்பட்டது. இது டியூட்டி டாக்டர் அவசரத்தில் நிரப்பும் வார்ப்பு வாசகம். மறுப்புக் கடிதத்தை எழுதியவர் இந்த மூன்று வரிகளைத் தாண்டிப் போகவில்லை.

நடந்தது முழுவதும் இருப்பது உள்நோயாளிப் பதிவேட்டில், அதாவது கேஸ் ஷீட்டில். ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போய் நோயாளியின் கையெழுத்திட்ட விண்ணப்பம், அடையாள அட்டை நகல், ஐ.பி. எண் மூன்றையும் கொடுங்கள். “சம்மரிதான் தருவோம் சார், கேஸ் ஷீட்டெல்லாம் தர்றதில்லை” என்ற பதில் வரலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள், நோயாளியோ அவர் அதிகாரமளித்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டைத் தர வேண்டும் என்கின்றன. விண்ணப்பத்திலேயே இந்த விதியைக் குறிப்பிட்டு, நகலில் ‘பெறப்பட்டது’ என்று சீலும் தேதியும் வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஜெராக்ஸ் செலவு உங்களுடையது.

‘முழுப் பதிவேடு’ என்று மட்டும் கேட்காமல் பெயர் சொல்லிக் கேளுங்கள். அட்மிஷன் குறிப்பு, டாக்டரின் தினசரிக் குறிப்புகள், நர்ஸ் குறிப்புகள், வெப்பநிலை–நாடி–ரத்த அழுத்த சார்ட், உள்ளே போன திரவம் வெளியேறிய சிறுநீர் இரண்டையும் பதியும் சார்ட், மருந்து சார்ட், நேரம் அச்சான லேப் அறிக்கைகள், ஸ்கேன் அறிக்கை. வாங்கிய இடத்திலேயே பக்க எண்களைச் சரிபாருங்கள். பெரும்பாலும் விடுபடுவது நர்ஸ் சார்ட்டுகள். இந்த வகை வழக்கில் அவைதான் முதுகெலும்பு.

நகல் கைக்கு வந்ததும் நிறுவனத்துக்கு அனுப்பும் முன் நீங்கள் முழுவதும் படிக்க வேண்டும், குறிப்பாகப் பழைய நோய் விவரம் எழுதும் பகுதியை. அங்கே “ஐந்து வருடமாக பி.பி.” என்று ஒரு வரி இருந்து, பாலிசி எடுக்கும்போது அதை நீங்கள் சொல்லவில்லை என்றால், நிறுவனத்தின் கண் அங்கே போகும். அந்த வரி தவறு என்றால், டாக்டரிடம் தேதியிட்ட தனி விளக்கக் கடிதம் வாங்குங்கள். சரி என்றால் மறைக்க முயலாதீர்கள். டெங்குவுக்கும் பழைய பி.பி.க்கும் தொடர்பில்லை என்பதையும், தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடியிருந்தால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணத்துக்காகத் தகவல் மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது என்ற 2024 விதியையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் பதிவேட்டில் எதையும் திருத்தவோ, சம்மரியைப் பழைய தேதியிட்டு மாற்றி எழுதி வாங்கவோ கூடாது. நிறுவனத்திடம் முதல் சம்மரி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் முரண்பட்டால் நியாயமான கிளைமும் மோசடி என்ற பெயர் வாங்கிவிடும்.

மணி நேர வரிசையில் ஒரு பட்டியல்

டெங்குவின் இயல்பைத் தெரிந்துகொண்டால்தான் பதிவேட்டில் எதைத் தேடுவது என்று புரியும். காய்ச்சல் அடிக்கும் நாட்கள் இந்நோயில் மிக ஆபத்தான நாட்கள் அல்ல. பெரும்பாலும் 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் காய்ச்சல் விடும். அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். கசிவுக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நீர்ப்பகுதி வெளியேறுவதால் ரத்தம் கெட்டியாகி ஹெமட்டோகிரிட் ஏறும்; அதே நேரத்தில் பிளேட்லெட் வேகமாக இறங்கும். ஆகவே “காய்ச்சல் இல்லை” என்பது வீட்டுக்கு அனுப்பும் காரணமே அல்ல. இந்த ஒரு விஷயத்தை மறுப்பாளர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதுதான் உங்கள் வாதத்தின் மையம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு டெங்கு வழிகாட்டி நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரிக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள், அவசர சிகிச்சை தேவைப்படுபவர்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் சேர்தல், ஈறு மூக்கில் ரத்தம், சோர்ந்து விழுதல் அல்லது அமைதியின்மை, கல்லீரல் வீக்கம், ஹெமட்டோகிரிட் ஏறும்போதே பிளேட்லெட் வேகமாக இறங்குதல், இவை எச்சரிக்கை அறிகுறிகள். இவற்றில் ஏதாவது இருந்தால் இரண்டாம் குழு. கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி ஆகியோரும் அறிகுறி இல்லாமலே இரண்டாம் குழுவில் வருவார்கள். தனியாக வசிப்பவரும், நம்பகமான போக்குவரத்து இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைவில் வசிப்பவரும் அதே குழுவில் வருவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வருபவர்களுக்கு இந்த வரி உதவும். ராத்திரி பஸ் இல்லாத ஊர் என்றால் அதையும் கடிதத்தில் சொல்லுங்கள். இதைத் துணை வாதமாக மட்டும் வையுங்கள், முதல் வாதமாக அல்ல.

இனி பதிவேட்டிலிருந்து தேதி, மணி, பதிவு, பக்க எண் என்று வரிசையாக எடுத்து எழுதுங்கள். நம் உதாரணத்தில் அது இப்படி வரும்:

வியாழன் 11.40 – அட்மிஷன் குறிப்பு: காலையிலிருந்து ஐந்து முறை வாந்தி, மேல்வயிற்றில் அழுத்தினால் வலி. நாடி 104, ரத்த அழுத்தம் 100/70. பக்கம் 2.
வியாழன் 12.15 – நரம்பு வழி நார்மல் சலைன் தொடக்கம், மணிக்கு 300 மில்லி, வாந்திக்கு ஊசி. மருந்து சார்ட், பக்கம் 9.
வியாழன் 12.30 – பிளேட்லெட் 78,000, ஹெமட்டோகிரிட் 41.0. பக்கம் 14.
வெள்ளி 6.00 – பிளேட்லெட் 46,000, ஹெமட்டோகிரிட் 43.8. பக்கம் 15.
வெள்ளி 10.20 – ஸ்கேன்: பித்தப்பைச் சுவரில் வீக்கம், வலது நெஞ்சுறையில் சிறிதளவு நீர். பக்கம் 18.
சனி 6.00 – பிளேட்லெட் 58,000, ஹெமட்டோகிரிட் 39.0. பகலில் ட்ரிப்ஸ் நிறுத்தம். பக்கம் 16.
ஞாயிறு 6.00 – பிளேட்லெட் 1,05,000. 10.30-க்கு டிஸ்சார்ஜ். பக்கம் 17.

இந்தப் பட்டியலிலிருந்து ஒரே ஒரு கணக்கு போடுங்கள். புதன்கிழமை ஹெமட்டோகிரிட் 36.2, வெள்ளிக்கிழமை 43.8. ஏற்றம் 7.6. அதை 36.2-ஆல் வகுத்தால் 21 சதவீதம். 20 சதவீதத்துக்கு மேல் ஏறுவது நீர்க்கசிவுக்கான அறியப்பட்ட சான்று. ஸ்கேனில் தெரிந்த நெஞ்சு நீரும் அதையே சொல்கிறது. புதன்கிழமை ஊர் லேபில் எடுத்த ரிப்போர்ட் இல்லையென்றால் இந்தக் கணக்கே போட முடியாது. ஆகவே அட்மிஷனுக்கு முந்தைய லேப் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தொலைந்திருந்தால் அந்த லேபிலேயே மறுநகல் கேளுங்கள்.

மணிக்கு 300 மில்லி சலைன் என்பதும் வெறும் எண் அல்ல. 58 கிலோ எடைக்கு அது கிலோவுக்கு 5 மில்லிக்குச் சற்று மேல். எச்சரிக்கை அறிகுறி உள்ளவர்களுக்கு முதல் ஓரிரு மணி நேரம் கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி, பிறகு படிப்படியாகக் குறைத்து, இடையிடையே ஹெமட்டோகிரிட் பார்ப்பது என்பதே அந்த வழிகாட்டி சொல்லும் முறை. அந்த மறுபரிசோதனைகள் நோயைக் கண்டுபிடிக்கச் செய்தவை அல்ல, சலைனைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கச் செய்தவை. நோய் புதன்கிழமையே என்.எஸ்.1 மூலம் தெரிந்துவிட்டது. Excl04-இன் முதல் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இதுவே ஒரே நேரத்தில் பதில்.

பட்டியல் போட்டுப் பார்க்கும்போது சலைனும் ஊசியும் இல்லாமல் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் மட்டுமே இருந்தால், ஹெமட்டோகிரிட் ஏறவே இல்லை என்றால், வாந்தியோ வயிற்று வலியோ எங்கும் பதிவாகவில்லை என்றால், இந்த மேல்முறையீடு நிற்காது. பிளேட்லெட் குறைவு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போராடுவது வீண். அப்படிப்பட்ட கிளைமில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

டாக்டரின் சான்று

“அட்மிஷன் தேவைப்பட்டது” என்று ஒற்றை வரியில் வாங்கிய சான்றுக்கு மதிப்பில்லை. டாக்டரிடம் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்து, அவற்றுக்குப் பதிலாகச் சான்று கேளுங்கள். அட்மிஷன் நேரத்தில் நோய் ஏற்கெனவே உறுதியாகியிருந்ததா? அப்போது இருந்த எச்சரிக்கை அறிகுறிகள் எவை? நரம்பு வழியாகத் தந்த சிகிச்சையை ஏன் வாய்வழியாகத் தர முடியவில்லை? வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆபத்து? சம்மரியில் ‘மதிப்பிட’ என்று எழுதியது வழக்கமான வார்ப்பு வாசகம்தான் என்றால் அதையும் அவரே குறிப்பிட்டால் நல்லது. லெட்டர்ஹெட், பதிவு எண், கையெழுத்து, எழுதிய அன்றைய தேதி எல்லாம் இருக்க வேண்டும். சான்றில் சொல்வது கேஸ் ஷீட்டில் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். இல்லாததைச் சான்றில் புதிதாகச் சேர்த்தால் முதலில் கேள்வி எழுவது அங்கேதான்.

கடிதம்

இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தலைப்பில் பாலிசி எண், கிளைம் எண், மறுப்புக் கடிதத்தின் தேதி. பிறகு நேராக விஷயம். நடு பகுதி இப்படி அமையலாம்:

“தங்கள் கடிதம் விதி Excl04-ஐக் காட்டுகிறது. அது, முதன்மையாகப் பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே நடந்த அட்மிஷனுக்குப் பொருந்தும். டெங்கு என்பது அட்மிஷனுக்கு முந்தைய நாளே உறுதியானது (இணைப்பு 3). அட்மிஷன் ஆன 35 நிமிடத்தில் நரம்பு வழிச் சிகிச்சை தொடங்கி சனிக்கிழமை வரை தொடர்ந்தது (இணைப்பு 4, பக்கம் 9). எனவே இந்த விலக்கு பொருந்தாது.

வெளிநோயாளியாகப் பார்த்திருக்கலாம் என்பது Excl04-இன் வாசகத்தில் இல்லை. அதை மருத்துவத் தேவை பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டாலும், அட்மிஷனின்போது வயிற்று வலியும் தொடர் வாந்தியும் இருந்தன (பக்கம் 2). ஹெமட்டோகிரிட் 36.2-இலிருந்து 43.8-க்கு, அதாவது 21 சதவீதம் ஏறியது, பிளேட்லெட் 1,42,000-இலிருந்து 46,000-க்கு இறங்கியது (இணைப்பு 3; இணைப்பு 4, பக்கம் 15). காய்ச்சல் விட்ட நேரமே டெங்குவில் நீர்க்கசிவு தொடங்கும் நேரம். டாக்டரின் சான்று இணைப்பு 5.”

முடிவில் என்ன வேண்டும் என்பதைத் தொகையோடு எழுதுங்கள்: கிளைம் தொகை 48,600 ரூபாயில் பாலிசி அனுமதிக்காதவை போக மீதி, தாமத வட்டியுடன். கடிதம் தமிழில் எழுதினாலும், பதிவேடு ஆங்கிலத்தில் இருப்பதால் நிறுவனத்துக்கு ஆங்கிலப் படி ஒன்றையும் வைத்துவிடுவது நடைமுறையில் வேகம் தரும். அசல் ஆவணங்களை அனுப்ப வேண்டாம், நகல் போதும்.

எங்கே, எத்தனை நாளுக்குள்

பாலிசியின் கடைசிப் பக்கங்களில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சலும் முகவரியும் இருக்கும். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தபாலாபீஸில் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் bimabharosa.irdai.gov.in தளத்திலும் புகாரைப் பதிந்தால் ஒரு டோக்கன் எண் கிடைக்கும். இணையம் பழக்கமில்லாதவர்கள் 155255 என்ற இலவச எண்ணில் பதியலாம். நிறுவனம் 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆணையம் உங்கள் கிளைமைத் தீர்ப்பதில்லை. புகாரை நிறுவனத்துக்குத் தள்ளி, பதில் வருகிறதா என்று கண்காணிக்கும். ஆனால் அந்த டோக்கன் எண் அடுத்த கட்டத்தில் தேதிக்குச் சாட்சி.

பதில் திருப்தியில்லை என்றாலோ, ஒரு மாதமாகியும் பதிலே இல்லை என்றாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாடு முழுவதற்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் இருக்கிறது. மதுரையிலிருந்து ரயில் ஏற வேண்டியதில்லை; cioins.co.in தளத்திலேயே புகார் பதியலாம், விசாரணையை வீடியோவில் நடத்தும் வசதியும் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுக்கலாம். நிறுவனத்தின் இறுதி மறுப்பு வந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுதாமல் நேராகப் போனால் புகாரை ஏற்க மாட்டார்கள்.

விசாரணையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மறுமுனையில் நிறுவனத்தின் மருத்துவர் ஒருவர் இருக்கக்கூடும். அந்த மணி நேரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பக்க எண் சொல்லிப் பேசுங்கள். “நாடி 104 என்பது சீரான அளவா?”, “21 சதவீத ஏற்றத்தை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?” என்ற இரண்டு கேள்விகளே போதும். நோயாளி பட்ட கஷ்டத்தை விவரிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும்.

தேவையான ஆவணங்கள் எல்லாம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பு வர வேண்டும். அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் அவர்கள் நிறைவேற்ற வேண்டும். உங்களைக் கட்டுப்படுத்தாது. தோற்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது, கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. அதற்கான கெடு வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. முதல் மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் போட முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் புகாரைத் தொட மாட்டார். எனவே முதலில் ஆம்புட்ஸ்மேன், பிறகு நுகர்வோர் ஆணையம் என்ற வரிசையில் போவதே நல்லது. ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்து 30 நாள் கடந்தும் பணம் வரவில்லையென்றால், தீர்ப்பு எண்ணைக் குறிப்பிட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கும் பீமா பரோசா தளத்துக்கும் அன்றே எழுதுங்கள்.